சாட்சிக்கு உடம்பு சரியில்லையா? நீதிமன்றத்திற்குக் கடிதமும் டாக்டர் சான்றிதழும் கொடுப்பது எப்படி

அத்தைக்கு மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ்டவுன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சப்பீனா, அதாவது சாட்சி சொல்ல வரும்படி அழைப்பாணை, வந்திருந்தது. கடைவாசலில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியவனை நேரில் பார்த்த சாட்சி அவர். விசாரணை 14-ஆம் தேதி, வியாழக்கிழமை காலை 9 மணி. அந்த வாரம் பார்த்து நெற்றியிலும் இடது கண்ணைச் சுற்றியும் அக்கி போட்டுவிட்டது. கண் திறக்கவே முடியவில்லை. கடிதம், சான்றிதழ், அலைச்சல் எல்லாம் என் தலையில் விழுந்தது. வேலை ஒழுங்காக முடிந்ததால், அடுத்தவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இங்கே சொல்வது, குற்றவியல் வழக்கில் போலீஸ் தரப்புச் சாட்சியாக அழைக்கப்பட்டவர்களுக்கு. சிவில் வழக்கு என்றால் பாதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

1. முதலில் போன், பிறகுதான் கடிதம்

சப்பீனாவைக் கையில் எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வழக்கு எண், எந்த நீதிமன்றம், தேதியும் நேரமும். வழக்கு எண்ணை எழுத்து, கோடு, கடைசியில் வரும் மாதம் ஆண்டு உட்பட அப்படியே எடுத்து எழுதுங்கள். பினாங்கில் தீவுப் பக்கம் லெபோ லைட்டில் நீதிமன்றம் இருக்கிறது, பெருநிலத்தில் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்த்தாஜாமிலும் தனித்தனியாக இருக்கின்றன. பாலம் தாண்டிப் போய் நின்ற பிறகு "இது இங்கே இல்லை" என்று கேட்க வேண்டாம்.

அடுத்து, வழக்கின் விசாரணை அதிகாரியைக் கூப்பிடுங்கள். எல்லோரும் ஐ.ஓ. என்றுதான் சொல்வார்கள். சப்பீனாவைக் கொண்டுவந்து கொடுத்த போலீஸ்காரரிடமோ நிலையத்திலோ கேட்டால் நம்பர் கிடைக்கும். இவரிடம் ஏன் முதலில் சொல்ல வேண்டும் என்றால், சாட்சி தானே விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது. அன்று எழுந்து நின்று ஒத்திவைப்புக் கேட்கப் போகிறவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர், அதாவது டி.பி.பி. அவர் கைக்குத் தாள் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். ஒருவேளை அன்றைக்கு அத்தையை விட்டுவிட்டு வேறு சாட்சியை விசாரித்துக்கொள்ளலாம் என்றும் அவர் முடிவு செய்யலாம்.

கடிதம் கொடுத்துவிட்டதாலேயே கடமை முடிந்துவிடாது. காரணத்தை ஏற்பதா வேண்டாமா என்பது மாஜிஸ்திரேட்டின் கையில். சப்பீனா பெற்றும் தகுந்த காரணமில்லாமல் வராமல் இருப்பது தண்டனைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி குற்றம். பிடிவாரண்டு பிறப்பிக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

2. சான்றிதழ்: பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்

முதல் நாள் கிளினிக்கில் அத்தைக்கு வழக்கமான எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கிழித்துக் கொடுத்தார்கள். அதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, செவ்வாய்க்கிழமையோடு அது முடிகிறது, விசாரணையோ வியாழக்கிழமை. இன்னொன்று, அதில் அச்சடித்திருந்தது "தீடாக் லாயாக் பெர்துகாஸ்", வேலைக்குப் போகத் தகுதியில்லை என்று. அத்தை பணி ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. அவருக்கு எந்த வேலைக்கு லீவு?

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சின்னதில்லை. கால் சுளுக்கியவர் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது, ஆனால் சாட்சிக் கூண்டில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் பேச முடியும். அதனால் "வேலைக்குத் தகுதியில்லை" என்ற தாளை மட்டும் பார்த்து, நீதிமன்றத்துக்கும் வர முடியாது என்று மாஜிஸ்திரேட் முடிவு கட்ட வேண்டியதில்லை. சில எம்.சி.யில் "நீதிமன்றத்தில் ஆஜராகாமல் இருக்க இது செல்லாது" என்று அடியில் பொடி எழுத்தில் அச்சடித்தே இருக்கும். உங்களுடையதைத் திருப்பியும் பாருங்கள்.

ஆகவே எம்.சி.யோடு டாக்டரின் கடிதம் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள், கிளினிக்கின் கடிதத்தாளில். கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்டால் "எம்.சி. கொடுத்தாச்சே" என்பார். சப்பீனாவின் நகலை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே காட்டுங்கள். அத்தைக்குக் கிடைத்த கடிதம், மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னால், இப்படி:

"மேற்கண்டவரை 12-ஆம் தேதி நேரில் பரிசோதித்தேன். நெற்றியிலும் இடது கண்ணைச் சுற்றியும் அக்கி வந்துள்ளது. கொப்புளங்கள் இன்னும் காயவில்லை. இடது இமை வீங்கி மூடியிருக்கிறது, வலிக்குக் கொடுத்துள்ள மருந்து தூக்கம் வரவழைக்கும். 12 முதல் 19 வரை இவர் நீதிமன்றத்திற்கு வந்து சாட்சியம் அளிக்கும் நிலையில் இல்லை. மறுபரிசோதனை 20-ஆம் தேதி."

இதில் உயிரான வரி கடைசிக்கு முந்தியது: "தீடாக் லாயாக் ஹாடிர் கெ மஹ்காமா". விசாரணைத் தேதி அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று கிளினிக்கிலேயே விரல் வைத்துப் பாருங்கள். மறுபரிசோதனைத் தேதியும் முக்கியம், அடுத்த விசாரணையை எப்போது வைக்கலாம் என்பதற்கு நீதிமன்றத்துக்கு அதுதான் பிடிமானம். கீழே டாக்டரின் கையெழுத்து, பெயர், மருத்துவ மன்றப் பதிவு எண், கிளினிக் முத்திரையான சாப், போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த டாக்டரையே நீதிமன்றத்துக்கு அழைத்துக் கேட்க முடியும் என்பதால், பார்க்காத நோயைப் பார்த்ததாக எந்த நல்ல டாக்டரும் எழுத மாட்டார். வற்புறுத்தாதீர்கள்.

டாக்டருக்கு நேரம் இல்லையென்றால் "என்ன நோய், அதனால் எதைச் செய்ய முடியாது, எது வரைக்கும்" என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பழைய ஆபரேஷன் எதுவும் வேண்டாம். அந்தத் தாள் கோப்புக்குள் போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் படிக்கக்கூடும்.

அத்தையின் நெற்றியில் காவி எழுத அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவரை வரவழைத்தோம். அது எங்கள் வீட்டு நம்பிக்கை, பாட்டியிடம் சான்றிதழ் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. பதிவு பெற்ற டாக்டர் எழுதியதுதான் நீதிமன்றத்தில் எடுபடும்.

3. கடிதம்

மலாயில் எழுதுங்கள். தீபகற்ப மலேசியாவில் நீதிமன்ற மொழி அதுதான். கையால் எழுதினாலும் யாரும் தள்ள மாட்டார்கள், ஆனால் நான் டைப் செய்வதைத்தான் சொல்வேன்: ஏரியல் எழுத்துரு, அளவு 12, ஒரே பக்கம். போனிலேயே டைப் செய்து தேய்ந்துபோகாதீர்கள், நகல் கடையில் கம்ப்யூட்டர் இருக்கும்.

மேலே இடது பக்கம் சாட்சியின் பெயர், ஐ.சி. என்ற அடையாள அட்டை எண், முகவரி, போன் நம்பர். அதன் கீழ் பெறுநர்: பதிவாளர், இன்ன மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டின் பெயருக்கு நேரடியாக எழுத வேண்டாம். பிறகு தேதி, "துவான்" என்ற விளிப்பு, அதற்கடுத்து தடித்த எழுத்தில் தலைப்பு. அத்தைக்காக எழுதியதன் சாரம்:

"வழக்கு எண் ……: 14-ஆம் தேதி விசாரணைக்குச் சாட்சி வர இயலாமை

மேற்கண்ட வழக்கில் 14-ஆம் தேதி காலை 9 மணிக்குச் சாட்சியாக ஆஜராகும்படி எனக்குச் சப்பீனா வந்துள்ளது.

2. எனக்கு அக்கி நோய் கண்டிருப்பதால் அன்று வர இயலாத நிலையில் இருக்கிறேன். 12-ஆம் தேதியிட்ட டாக்டர் கடிதமும் மருத்துவ விடுப்புச் சான்றும் இணைக்கப்பட்டுள்ளன.

3. டாக்டர் கடிதப்படி 19-ஆம் தேதி வரை நான் ஆஜராக முடியாது. அதன்பின் நீதிமன்றம் குறிக்கும் தேதியில் வந்து சாட்சியம் அளிக்கத் தயாராக இருக்கிறேன்."

முடிவில் "செக்கியான், தெரிமா காசே", கையெழுத்து, அதன் கீழ் நகல் யாருக்கு என்ற வரி: டி.பி.பி., ஐ.ஓ. முதல் பத்திக்கு எண் போடாமல் இரண்டாவதிலிருந்து 2 என்று தொடங்குவது இங்கே அரசுக் கடிதங்களின் வழக்கம், தவறென்று நினைத்துத் திருத்தாதீர்கள்.

கையெழுத்து சாட்சியுடையதாகவே இருக்கட்டும். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை. சாட்சிக்கு நினைவில்லாத அளவுக்கு முடியவில்லை என்றால், குடும்பத்தினர் தம் பெயரிலேயே எழுதி உறவைக் குறிப்பிடலாம். சாட்சியின் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். கடிதத்தில் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். "நான் பார்த்தது அவனைத்தான், எப்படியும் வந்து சொல்வேன்" என்று சேர்க்க அத்தை ஆசைப்பட்டார். அப்படி எழுதினால் பிறகு குறுக்கு விசாரணையில் அந்த வரியையே எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். நோய், தேதி, வருவேன் என்ற உறுதி. அவ்வளவு போதும்.

4. கொடுப்பது

எல்லாவற்றையும் ஸ்கேன் ஆப்பில் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஐ.ஓ.வுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சாப் எழுத்து மங்கிவிடும். அதன் பிறகு தாளாகவும் கொடுக்க வேண்டும். இரண்டு செட் எடுத்துப் போய் பதிவக கவுன்டரில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்ட தேதியோடு சாப் வாங்கிக்கொள்ளுங்கள். மூலத்தைக் கேட்டால் கொடுங்கள், உங்களிடம் நல்ல நகல் இருக்கட்டும். பாடாங் கோத்தா பக்கம் கார் நிறுத்த இடம் தேடுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

விசாரணை நாள் காலையில் குடும்பத்தில் ஒருவர் எட்டரை மணிக்கே போய்விட்டால் நல்லது. நீங்கள் எழுந்து பேச வேண்டியதில்லை. ஐ.ஓ. அல்லது டி.பி.பி.யைப் பார்த்து, கடிதம் கையில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அந்த நீதிமன்ற அறையின் மொழிபெயர்ப்பாளரிடம், ஜூருபஹாசா என்பார்கள், மெதுவாகச் சொல்லுங்கள். வழக்கைக் கூப்பிடுவதும் கோப்பை எடுத்து வைப்பதும் அவர்தான். கவுன்டரில் கொடுத்த கடிதம் சில சமயம் அந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்காது, சாப் வைத்த உங்கள் நகல் அங்கேதான் கைகொடுக்கும்.

பிறகு சேர்த்தது

சிவில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தார்கள். அங்கே உங்களைச் சாட்சியாக அழைத்த தரப்பின் வழக்கறிஞரிடம் கடிதத்தையும் டாக்டர் சான்றையும் கொடுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதும் மறுதரப்புக்குச் சொல்வதும் அவர் வேலை.

நீண்டகால நோயாளி, படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்றால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் எம்.சி. கொடுத்துக்கொண்டே போவது தீர்வாகாது. டாக்டர் கடிதத்தில் "பயணம் செய்ய முடியாது, ஆனால் தெளிவாகப் பேச முடியும்" என்பது போன்ற விவரம் இருந்தால் டி.பி.பி.யிடம் காட்டுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 272பி பிரிவு, நேரடி வீடியோ இணைப்பில் சாட்சியம் பெற நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. விண்ணப்பிப்பது அவர்கள் பக்கம், தேவையான தாள் நம் பக்கம்.

அப்புறம், தேதி தள்ளிப்போனால் அன்றே ஐ.ஓ.விடம் புதிய தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுச் சப்பீனா வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அத்தைக்கு வாய்மொழியாகச் சொன்ன தேதியை நான் மெசேஜாகத் திருப்பி அனுப்பி, "சரி" என்று ஐ.ஓ.விடம் பதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.