வீல்சேர் ராம்ப்: எத்தனை இஞ்ச் படிக்கு எத்தனை அடி நீளம்?

எங்க அம்மாவ ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வீல்சேர்ல வீட்டுக்கு கூட்டிட்டு வந்தப்போ வாசல்ல ரெண்டு படி இருந்துச்சு, மொத்தம் 14 இஞ்ச் உயரம். மேஸ்திரிகிட்ட சொன்னோம், அவரு படிய மூடி அஞ்சடி நீளத்துக்கு கான்கிரீட் போட்டு குடுத்துட்டாரு. பாக்க சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மாவ உக்கார வச்சு தள்ளுனா, சக்கரம் சரிவுல ஏறுறதுக்கு முன்னாடியே கால் வைக்கிற தட்டு சிமெண்ட்ல இடிச்சிருச்சு. தம் கட்டி தள்ளுனா சேர் பின்னால சாயுது, அம்மா பயந்து என் கைய புடிச்சுக்கிட்டாங்க. அத ஒடச்சுட்டு மறுபடி போட்டோம். அப்ப கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

முதல்ல கணக்கு. வீல்சேர் ராம்புக்கு சரிவு 1:12க்கு மேல செங்குத்தா போகக்கூடாது, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்குதான் ஏறணும். நம்ம அடி இஞ்ச்ல இது ரொம்ப ஈஸி, ஒரு அடிக்கு 12 இஞ்ச்ங்கறதால ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். 6 இஞ்ச் படின்னா 6 அடி, 14 இஞ்ச்னா 14 அடி. எங்க பழைய ராம்ப் ஒரு அடிக்கு கிட்டத்தட்ட 3 இஞ்ச் ஏறுச்சு, எப்படி தள்ள முடியும்? இடமே இல்லாத பழைய கட்டடங்களுக்கு அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ சட்டத்தோட விதி கொஞ்சம் விட்டுக்குடுக்குது: 6 இஞ்ச் வரைக்கும் 1:10, அதாவது 5 அடி, 3 இஞ்ச் வரைக்கும் 1:8, அதாவது 2 அடி. அதுக்கு மேல உயரம்னா அந்த சலுகை கிடையாது.

அடுத்து உயரம் அளக்குறது, நெறைய பேர் தப்பு பண்றது இங்கதான். படிக்கு கீழ டேப்ப வச்சு 14னு எழுதிட்டா பத்தாது. மழைத்தண்ணி ஓடணும்னு வாசல்ல தரைய கேட் பக்கம் சாய்ச்சுத்தான் போட்டிருப்பாங்க, ராம்ப் முடியுற இடத்துல தரை இன்னும் கீழ கெடக்கும். அதனால வீட்டுக்குள்ள தரை மட்டத்துல இருந்து ராம்ப் முடியுற எடத்துக்கு ஒரு நூல் கட்டி, ரசமட்டம் வச்சு நூல் மட்டமா இருக்கான்னு பாத்துட்டு, அந்த முனையில நூலுக்கும் தரைக்கும் எவ்வளவுன்னு அளங்க. கொத்தனார்கிட்ட தண்ணி டியூப் இருந்தா இன்னும் நல்லது, தூரம் ஜாஸ்தின்னா நூல் நடுவுல தொங்கிரும்.

எங்க வீட்டுல வாசப்படியில இருந்து 14 அடி தள்ளி தரை 2 இஞ்ச் எறங்கியிருந்துச்சு. அப்போ உயரம் 16 இஞ்ச், ராம்ப் 16 அடி வேணும், ஆனா 16 அடிக்கு போனா தரை இன்னும் கொஞ்சம் எறங்குது, அதுக்கும் சேத்து நீளம் கூடுது. ரெண்டு மூணு தடவ இப்படி போட்டு பாத்தா பதினாறரை அடியில நின்னுருச்சு. படிக்கு கீழ மட்டும் அளந்திருந்தா ரெண்டரை அடி கொறச்சு போட்டிருப்போம்.

பிரச்சனை என்னன்னா கேட்டுக்கு 11 அடிதான் இருந்துச்சு. அதனால நேரா விடாம கதவுக்கு வெளிய 5 அடிக்கு 5 அடி சமதளமா மேடை கட்டி, அதுல இருந்து வீட்டு சுவர ஒட்டி ராம்ப திருப்புனோம். இந்த மேடைய கொறைக்காதீங்க, சேர் திரும்பவும் கதவ தொறக்கவும் அந்த இடம் வேணும், சரிவுலயே நின்னு கதவ இழுத்தா சேர் பின்னாடி உருளும். திசை மாறுனதும் உயரத்த திரும்ப அளந்தோம், சுவர் ஓரமா தரை அரை இஞ்ச்தான் எறங்கியிருந்துச்சு, பதினாலரை அடியே போதுமானதா இருந்துச்சு.

அகலம் உள்ள 4 அடி வச்சு, ரெண்டு ஓரத்துலயும் சக்கரம் வழுக்கி வெளிய போகாம 3 இஞ்ச் கட்ட எழுப்பி, கைப்பிடி ரெண்டு பக்கமும் போட்டோம். மேல டைல்ஸ் வேண்டாம், மழையில வழுக்கும். சிமெண்ட் ஈரமா இருக்கப்பவே தொடப்பத்தால குறுக்க கோடு இழுத்து விட்டாலே பிடிப்பு வந்துரும்.

கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி சரிவ சோதிக்க ஒரு வழி இருக்கு. ஓரத்துல அடிச்ச பலகை மேல 2 அடி ரசமட்டத்த வச்சு, கீழ்ப்பக்க முனைய குமிழ் நடுவுல வர்ற வரைக்கும் தூக்குங்க. அந்த முனைக்கும் பலகைக்கும் நடுவுல 2 இஞ்ச் இடைவெளின்னா சரியா 1:12. அதுக்கு மேல போச்சுன்னா அந்த இடத்துல செங்குத்தா இருக்குன்னு அர்த்தம், பலகைய சரி பண்ணிட்டு அப்புறம் ஊத்துங்க. மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல பாருங்க. எங்களுக்கு கீழ் முனையில 3 இஞ்ச் காட்டுச்சு, நீளத்த மிச்சம் புடிக்க கடைசி ரெண்டு அடிய மடக்கி விட்டிருந்தாங்க. மொத்த நீளம் குறியில இருந்து கொறைஞ்சிருந்தத அப்பத்தான் கவனிச்சோம், பலகைய நீட்டி அடிச்சுட்டு மறுநாள்தான் கான்கிரீட் போட்டோம்.