எட்டு நாளில் கைநழுவும் கேவியட்: உயில் தகராறில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா காலமாகிச் சில வாரங்கள் ஆன நிலையில், "அண்ணன் யாரிடமும் சொல்லாமல் உயிலைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டாராம்" என்று ஒரு மகளோ தம்பியோ வந்து நின்றால், உயர் நீதிமன்றத்தில் கேவியட் பதிவு செய்ய வேண்டும் என்பது இன்று எல்லா இளம் வழக்கறிஞர்களுக்கும் தெரியும். பதிவு செய்வதில் பெரும்பாலும் தவறு நேர்வதில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில், எங்கள் தலைமுறையினர் தொடக்கத்தில் தடுமாறிய அதே இடங்களில், கோலாலம்பூரில் இன்று தொழிலுக்கு வருகிறவர்களும் தடுமாறுவதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். முஸ்லிம் அல்லாதவர்களின் உயில்களைப் பற்றியும், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 71, 72ஆம் ஆணைகள் வகுத்துள்ள நடைமுறையைப் பற்றியும் மட்டுமே இங்கே பேசுகிறேன்.

கேவியட் என்ன செய்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "எனக்குத் தெரிவிக்காமல் இந்தச் சொத்துக்குரிய புரோபேட்டுக்கு முத்திரையிட வேண்டாம்" என்று நீதிமன்றப் பதிவகத்துக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை; புரோபேட் என்பது உயிலை ஏற்று நீதிமன்றம் வழங்கும் அதிகாரப் பத்திரம். உயில் பொய் என்றோ, அப்பாவுக்கு அப்போது நினைவு தெளிவாக இல்லை என்றோ அதில் வாதிடுவதில்லை. காரணமே எழுத வேண்டியதில்லை. அது வழக்கும் அன்று. நடைமுறைச் சிக்கல்களில் பாதி, கட்சிக்காரரும் சில நேரம் அவருடைய வழக்கறிஞரும் அதை வழக்கு என்று நினைத்துக்கொள்வதால் வருகின்றன.

## நில அலுவலகக் கேவியட்டை நம்பியிருப்பது

வீட்டு நிலப்பட்டாவின் மீது நில அலுவலகத்தில் பதியும் தனியார் கேவியட், அந்த நிலத்தின் மாற்றத்தை மட்டுமே தடுக்கும். புரோபேட் வழங்கப்படுவதை அது தடுக்காது.

## பதிந்த நாளிலேயே பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நினைப்பது

கேவியட் பதியப்பட்ட அதே நாளில் புரோபேட்டுக்கு முத்திரையிடப்படுவதை அந்தக் கேவியட் தடுக்காது என்று விதியே சொல்கிறது. ஆகவே தகவல் கிடைத்த அன்றே பதிய வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

## எச்சரிக்கை அறிவிப்புக்குக் கடிதத்தில் பதில் எழுதுவது

எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருவது இந்தத் தவறுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேவியட் இருப்பதை அறிந்த எதிர்த்தரப்பு, அதாவது பெரும்பாலும் உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்பட்டவர், கேவியட் பதிந்தவருக்கு எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை அனுப்பச் செய்வார். தமக்கு அந்தச் சொத்தில் என்ன உரிமை என்பதையும், எந்தத் தேதியிட்ட உயிலின் கீழ் கோருகிறார் என்பதையும் அதில் அவர் சொல்லியிருப்பார். அதற்கு முரணான உரிமை உங்களுக்கு இருந்தால் அதைத் தெரிவியுங்கள் என்று அந்த அறிவிப்பு கேட்கும். கேவியட்டில் எழுதிக்கொடுத்த முகவரிக்கே அது வந்து சேரும். அறிவிப்பு கிடைத்த நாளையும் சேர்த்து எட்டு நாட்களுக்குள், அந்த முரணான உரிமையைச் சொல்லும் முன்னிலை அறிவிப்பைப் பதிவகத்தில் பதிய வேண்டும். கிடைத்த நாளும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடக்கூடாது: திங்கட்கிழமை கையில் கிடைத்தால், அடுத்த திங்கட்கிழமையோடு காலம் முடிந்துவிடுகிறது.

செந்தூலில் ஒரு வீடும் சேமிப்பில் கொஞ்சம் பணமும் விட்டுச்சென்ற ஒரு முதியவரின் விவகாரம் இது; குடும்பம் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனைவியும் பெற்றோரும் முன்பே காலமாகிவிட்டார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள். பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன பிறகு எழுதப்பட்ட உயிலில் எல்லாமே மூத்த மகனுக்கு என்று இருந்தது. உயில் எழுத ஏற்பாடு செய்தவரும் அவரே, அதனால் முழுப் பயன் பெறுகிறவரும் அவரே. தங்கை சரியான நேரத்தில் கேவியட் பதிந்திருந்தார். எச்சரிக்கை அறிவிப்பும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அவருடைய இளம் வழக்கறிஞர் அந்த ஒரு வாரத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதுவதில் செலவிட்டார். அக்கடிதத்தை நான் பிறகு பார்த்தேன். மருத்துவமனைப் பதிவுகள், அப்பாவின் கையெழுத்து வழக்கமாகச் சாயும் பக்கம், சாட்சிகளில் ஒருவர் அண்ணனின் கடையில் வேலை செய்தவர் என்பது வரை எல்லாவற்றையும் பத்திபத்தியாக எழுதி, கடைசியில் "எங்கள் கட்சிக்காரரின் கேவியட் தொடர்ந்து நடப்பில் இருக்கும்" என்று முடித்திருந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீதிமன்றப் பதிவகத்துக்கு அந்தக் கடிதம் ஒரு பொருட்டே அன்று. ஒன்பதாம் நாள் எதிர்த்தரப்பு, அறிவிப்பு முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டது, முன்னிலை பதியப்படவில்லை, அடுத்து என்ன செய்வது என்று நீதிமன்றத்தின் நெறிமுறை கோரும் விண்ணப்பமும் வரவில்லை என்று ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தது. அதோடு கேவியட் உயிரிழந்தது. புரோபேட் வழங்கப்பட்டது, தங்கைக்கு விவரம் தெரியவந்தபோது வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது.

வழங்கிய புரோபேட்டை, தக்க காரணம் காட்டி ரத்து செய்யக் கோர 1959ஆம் ஆண்டு உயில் மெய்ப்பிப்பு, நிர்வாகச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது தனியாகத் தொடுக்க வேண்டிய நடவடிக்கை. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் கைக்கு வீடு போன பிறகு அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதைத் தொழிலில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டு நாளுக்குள் ஒரு பக்கப் படிவத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது. அந்தப் படிவத்தில் எழுத வேண்டியதும் அதிகமில்லை: "காலமானவரின் மகள், உயில் செல்லாதெனில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டத்தின்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு உரியவர்." கையெழுத்து சாய்வதையும் சாட்சியின் கடை வேலையையும் வழக்கில் பேசிக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் கடந்துவிட்டது என்பதற்காக உடனே கைவிட்டுவிடவும் கூடாது. எதிர்த்தரப்பு மேலே சொன்ன சத்தியப் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்யாத வரையில், காலம் கடந்தும் முன்னிலை பதிய விதி அனுமதிக்கிறது. ஒன்பதாம் நாள் காலையில் கோப்பு உங்களிடம் வந்தால், எதிர்த்தரப்புக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு முன் படிவத்தைப் பதியுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லா உறவினருக்கும் முரணான உரிமை இருப்பதில்லை. உயிலை ஏற்றுக்கொள்கிற, ஆனால் நிறைவேற்றுநர் கடனில் மூழ்கியவர், அவர் கையில் சொத்தை ஒப்படைக்கக்கூடாது என்று கருதுகிற ஒரு மகளுக்கு உயிலுக்கு எதிரான உரிமை எதுவும் இல்லை. அந்த உயிலின் கீழ்தான் அவருக்கும் பங்கு. அவர் முன்னிலை பதிவது சரியான வழியன்று. அதே எட்டு நாளுக்குள், அந்த நிறைவேற்றுநருக்கு ஏன் புரோபேட் வழங்கக்கூடாது என்று காரணம் காட்ட, நீதிமன்றத்தின் நெறிமுறை கோரி விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது காலமானவரின் தம்பி கேவியட் பதிந்தால், முந்தைய உயில் ஒன்றில் அவருக்கு ஏதாவது கொடுக்கப்பட்டிருந்தாலன்றி, எந்த உரிமையை எழுதுவது என்று தெரியாமல் முன்னிலைப் படிவத்திலேயே நின்றுபோவார். ஆகவே "உயில் இல்லாமல் போனால் இவருக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வியைக் கேவியட் பதியும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

## பழைய முகவரி

வீடு மாறியவர் பழைய முகவரியையே கேவியட்டில் கொடுத்தால், எட்டு நாளும் அங்கேயே கழிந்துவிடும்.

## ஆறு மாதக் கெடுவைக் குறித்துவைக்காதது

எச்சரிக்கை அறிவிப்பு வராவிட்டால், பதிந்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் கேவியட் தானாகவே முடிந்துவிடும்.

## பங்கு குறைவு என்பதற்காகக் கேவியட் பதிவது

"அப்பா எனக்கு ஒன்றுமே எழுதவில்லை, இது நியாயமா?" என்ற மனக்குறையோடு வருகிறவர்களுக்குக் கேவியட் மருந்தன்று. தெளிந்த மனத்தோடு, ஒரே நேரத்தில் உடனிருந்த இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்ட உயில், நியாயமற்றதாக இருந்தாலும் செல்லும். அந்தக் குறைக்கு வேறு வாசல் உண்டு. 1971ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்பு வாரிசுச் சட்டத்தின்படி, கணவன் அல்லது மனைவி, திருமணமாகாத மகள், வயது வராத மகன், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோர், சொத்திலிருந்து தக்க பராமரிப்புக் கோரலாம். புரோபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இவர்களுக்குப் புரோபேட்டைத் தடுப்பதில் நன்மை எதுவுமில்லை. புரோபேட் வந்தால்தான் அவர்களின் விண்ணப்பத்துக்கு வழி பிறக்கும். உடல்நலத்தோடு இருக்கும் திருமணமான மகளுக்கோ வயது வந்த மகனுக்கோ இந்தச் சட்டம் உதவாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

## முன்னிலை பதிந்ததும் ஓய்ந்துவிடுவது

முன்னிலை பதியப்பட்ட கேவியட், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, உயில் வழக்கு தொடுக்கப்படும் வரை நடப்பில் இருக்கும். ஆறு மாதக் கெடு அதன்பின் அதைத் தொடாது. இந்த நிம்மதியில் இரண்டு தரப்பும் உட்கார்ந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும், வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்ட ஆளிருக்காது, உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த அடி, 72ஆம் ஆணையின் கீழ் ரிட் மூலம் உயில் வழக்கைத் தொடங்குவது. பெரும்பாலும் நிறைவேற்றுநர் வாதியாகிறார். ரிட்டிலேயே வாதிக்கும் பிரதிவாதிக்கும் சொத்தில் என்ன உரிமை என்பதைக் குறிப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொரு தரப்பும், காலமானவரின் உயில்கள், வரைவுகள், உயில் எழுதச் சொன்ன குறிப்புகள் என்று தம்மிடம் உள்ளதையும் தமக்குத் தெரிந்ததையும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். பழைய உயிலின் நகல் அலமாரியில் இருக்கிறதா என்று கட்சிக்காரரைத் தேடச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

உயில் முறையாகக் கையெழுத்தானது, எழுதியவருக்கு அப்போது மனத்தெளிவு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. செந்தூல் விவகாரத்தில் இருந்ததுபோல் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால், அவற்றைப் போக்குவதும் அவர் கடமையே. ஆனால் மோசடி என்றோ தகாத வற்புறுத்தல் என்றோ சொன்னால், அதை மெய்ப்பிக்க வேண்டியவர் எதிர்ப்பவர். அதனால்தான் ஆதாரமில்லாமல் மோசடி என்று எழுதிவிட வேண்டாம் என்று இளையவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பக்கவாதமும் பேச்சுக் குழறலும் மருத்துவப் பதிவில் இருக்கும்போது, மனத்தெளிவுப் பிரச்சினையில் அண்ணனே பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பார். மோசடி என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்தச் சுமையின் ஒரு பகுதியைத் தங்கை தாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்.

பிரதிவாதி வராவிட்டாலும் இந்த வழக்கில் மற்ற வழக்குகளைப்போல் வாதிக்கு உடனே தீர்ப்புக் கிடைத்துவிடாது. உயிலை அவர் மெய்ப்பித்தே ஆக வேண்டும். இடையில் குடும்பம் சமாதானமாகி வழக்கைக் கைவிட விரும்பினாலும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதுவரை வாடகை வசூலிக்கவும் வரி கட்டவும் ஒருவர் தேவைப்பட்டால், வழக்கு முடியும்வரை மட்டும் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகியை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். இந்த விண்ணப்பத்தை ரிட் தாக்கலானதுமே செய்யுங்கள்; மதிப்பீட்டு வரி நிலுவை அறிக்கை வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட பிறகு அன்று.