மொரீஷியஸ் சட்டைக்கு டர்பனில் 45% வரி எப்படி வருகிறது? தோற்ற விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் துணிக்கடை நடத்துகிற நம்மவர்கள் மொரீஷியஸிலிருந்து சரக்கு எடுக்க ஆசைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தைத்த சட்டை சீனாவிலிருந்து வந்தால் தென்னாப்பிரிக்காவில் 45 சதவீதம் சுங்க வரி கட்ட வேண்டும். மொரீஷியஸோ நம்மைப் போலவே, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கிற நாடு. வரிப் பட்டியலில் சட்டைக்கு நேரே பல கட்டங்கள் இருக்கும்: பொது விகிதத்துக்கு ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒன்று, சாடெக்குக்கு ஒன்று என்று. சாடெக் கட்டத்தில் வரி இல்லை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் 'சரி, மொரீஷியஸ் சட்டைக்கு வரி கிடையாது' என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். மொரீஷியஸிலிருந்து கப்பலேறிய சட்டைக்கெல்லாம் அந்தக் கட்டம் பொருந்தாது. சாடெக் விதிப்படி மொரீஷியஸைத் தோற்ற நாடாகக் கொண்ட சட்டைக்கு மட்டும்தான் பொருந்தும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலருடைய பணம் போகிறது.

பொருள் எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கிற இந்தத் தோற்ற விதி ஏன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகள் ஒன்றுக்கொன்று வரியை விட்டுக்கொடுக்கின்றன. எங்கே தயாரானது என்று யாரும் கேட்கவில்லையென்றால், சீனச் சட்டை மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கி, பெட்டி மாறி, வரி கட்டாமல் டர்பனுக்குள் வந்துவிடும். அப்புறம் 45 சதவீத வரி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் 'வரிச் சலுகை வேண்டுமா, பொருள் உங்கள் நாட்டில் எந்த அளவுக்கு உருவானது என்று காட்டு' என்று ஒவ்வொரு ஒப்பந்தமும் கேட்கிறது. எந்த அளவு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், பொருளுக்குப் பொருள் மாறும்.

எல்லாரும் செய்கிற முதல் தவறு, சட்டையின் கழுத்துப்பட்டியில் இருக்கிற லேபிளை நம்புவது. 'மேட் இன் மொரீஷியஸ்' என்று தைத்திருப்பார்கள், அது பொய்யாகவும் இருக்காது, ஏனென்றால் அங்கேதான் வெட்டித் தைத்தார்கள். ஆனால் லேபிள் வாடிக்கையாளருக்காக, நுகர்வோர் சட்டப்படி போடுவது. நம் நாட்டிலேயே பாருங்கள், இறக்குமதித் துணியை வாங்கி இங்கே தைத்தால், இறக்குமதிப் பொருளால் தென்னாப்பிரிக்காவில் செய்தது என்று லேபிளில் சொல்ல வேண்டும். சலுகை வரிக்கான கேள்வி வேறு. அதைச் சுங்க அதிகாரி லேபிளைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார், துணி எங்கே நெய்யப்பட்டது என்று கேட்பார்.

துணியை ஏன் கேட்கிறார் என்றால், ஆடைகளுக்குச் சாடெக் விதி இரண்டு கட்ட மாற்றத்தைக் கேட்கிறது. நூல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்தாலும் சரி. ஆனால் அந்த நூலைத் துணியாக நெய்வது ஒரு கட்டம், துணியை வெட்டிச் சட்டையாகத் தைப்பது இரண்டாவது கட்டம், இரண்டுமே சாடெக் நாடுகளுக்குள் நடக்க வேண்டும். சீனத் துணியை இறக்கி மொரீஷியஸில் தைத்தால் நடந்தது ஒரு கட்டம் மட்டும். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நூறு பேருக்கு அங்கே வேலை கொடுத்திருந்தாலும், விதிப்படி அது சலுகைக்குரிய சட்டை இல்லை. பெட்டி மாற்றுவது, லேபிள் தைப்பது, இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவது போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை எந்த ஒப்பந்தத்திலும் தோற்றத்தைத் தராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் 2,000 ஆண்கள் முழுக்கைப் பருத்திச் சட்டைகளை, ஒன்று 150 ராண்ட் என்று மொரீஷியஸில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலேற்றும் விலை 3,00,000 ராண்ட், தென்னாப்பிரிக்காவில் சுங்க வரியை இந்த விலையின் மேல்தான் போடுவார்கள். துணியும் மொரீஷியஸில் நெய்தது என்றால் சுங்க வரி பூஜ்யம். துணி சீனாவில் நெய்தது என்றால் 45 சதவீதம், அதாவது 1,35,000 ராண்ட். இதோடு வாட்டும் ஏறும். இறக்குமதி வாட்டைச் சரக்கு விலையோடு அதில் பத்து சதவீதத்தையும் சுங்க வரியையும் கூட்டி, மொத்தத்தின் மேல் 15 சதவீதம் போடுவார்கள். முதல் நிலையில் வாட் 49,500, இரண்டாவதில் 69,750. வாட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பணம் பிறகு கணக்கில் திரும்பிவிடும். சுங்க வரி திரும்பாது. ஒரு சட்டைக்கு 67 ராண்ட் 50 சென்ட் கூடுகிறது, கடைக்காரர் வைத்திருந்த லாபமே அந்த அளவுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இரண்டு சட்டையையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் காகிதத்தில்தான் இருக்கும், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டால் அது கிடைக்கும். தொழிற்சாலையிடம் 'சாடெக் சான்றிதழ் கொடுப்பீர்களா' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் கொடுப்போம் என்றுதான் சொல்வார்கள். துணி எந்த மில்லில் நெய்தது, மில்லின் பில் எங்கே, நூல் வாங்கிய பில் எங்கே, வெட்டும் மேசைப் பதிவு எங்கே என்று கேளுங்கள். வந்த காகிதங்களை அளவு போட்டுப் பாருங்கள். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் பெரியவர் முழுக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் போகும், 2,000 சட்டைக்கு 3,000 மீட்டர் வேண்டும். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணி என்றால் மொத்த எடை 540 கிலோ, நெசவில் வீணாவதையும் சேர்த்தால் நூல் அதைவிடக் கூடுதலாகவே வாங்கியிருக்க வேண்டும். மில் பில்லில் 1,200 மீட்டர்தான் இருக்கிறது என்றால் மீதித் துணி வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. இந்தக் கணக்கைச் சுங்கத் தணிக்கையாளருக்கும் போடத் தெரியும், அவர் போடுவதற்கு முன்னால் நீங்கள் போட்டுவிடுவது நல்லது.

மில் மொரீஷியஸிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தோற்றத்தைக் கணக்கிடும்போது சாடெக் உறுப்பு நாடுகளை ஒரே நிலப்பரப்பாகச் சேர்த்துப் பார்க்க விதி இடம் கொடுக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நெய்த துணியை மொரீஷியஸுக்கு அனுப்பித் தைத்து வாங்கினாலும் இரண்டு கட்டமும் உள்ளேயே நடந்ததாகிவிடும். நமக்கு வேண்டிய ரகத்தில் துணி நெய்கிற மில்கள் இந்தப் பகுதியில் குறைவு என்பது உண்மை. அதனாலேயே இந்த விதி தேவைக்கு மேல் கடுமையானது என்று நான் நினைக்கிறேன், தையல் கூடங்களை அது பட்டினி போடுகிறது. ஆனால் விதி மாறாத வரைக்கும் அதன்படிதான் சரக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். ஏற்றுமதி நாட்டு அதிகாரியின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிற சாடெக் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. ஏற்றுமதியாளர் சொன்னதை வைத்துக் கொடுக்கப்படும் ஆதாரம்தான் அது. சந்தேகம் வந்தால் சார்ஸ், அதாவது நம் வருவாய்த் துறை, சான்றிதழைக் கொடுத்த நாட்டுக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லும். அங்கே தொழிற்சாலையால் துணிக்கான ஆதாரத்தைக் காட்ட முடியவில்லையென்றால் சலுகை பறிபோகும். சட்டையெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் இது நடக்கலாம். அப்போது வரியும் வட்டியும் அபராதமும் வந்து சேர்வது டர்பனில் இறக்குமதி செய்தவர் தலையில்தான், மொரீஷியஸ் தொழிற்சாலை மேல் சார்ஸால் கை வைக்க முடியாது. அதனால் காகிதங்களை ஐந்து வருடம் பத்திரமாக வையுங்கள், கிளியரிங் ஏஜென்டிடம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

சான்றிதழில் சின்னச் சின்னப் பிழைகளும் சரக்கை நிறுத்திவிடும். இன்வாய்ஸ் எண் மாறியிருக்கும், பெட்டிகளின் எண்ணிக்கை பேக்கிங் லிஸ்ட்டோடு ஒத்துப்போகாது, நெய்த துணிச் சட்டைக்கு உரிய 6205-க்குப் பதிலாக டி-ஷர்ட்டுக்கு உரிய 6109 போட்டிருப்பார்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்பே நகலை வாங்கி வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. சரக்கு வந்த பிறகு சான்றிதழ் வந்து சேரவில்லையென்றால், வரித் தொகையை தற்காலிகமாகக் கட்டிச் சரக்கை எடுக்க வழி கேட்கலாம். பெரிய தொகை முடங்கிக் கிடக்கும் என்பதால் இதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

வழியையும் கவனியுங்கள். சரக்கு மொரீஷியஸிலிருந்து நேராக இங்கே அனுப்பப்பட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. நடுவில் வேறு நாட்டில் உள்ளூர்ச் சந்தைக்கென்று இறக்கி, அங்கிருந்து மறுபடி ஏற்றினால் நல்ல சட்டைக்கும் சலுகை போய்விடும்.

கடைசியாக, ஒரு ஒப்பந்தத்தில் படித்த விதியை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவது. ஏற்றுமதி செய்கிற நம்மவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். டர்பனில் சீனத் துணியால் தைத்த சட்டையை ஜெர்மனிக்கு அனுப்பினால், 2016-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தப்படி அது தென்னாப்பிரிக்கச் சட்டைதான், அங்கே தையல் என்ற ஒரே கட்டம் போதும், 12 சதவீத வரி விலகும். அதே மேசையில் வெட்டிய அதே சட்டையை மொரீஷியஸுக்கு அனுப்பினால் சாடெக் சலுகை கிடைக்காது. ஜெர்மனிக்குப் போன சரக்கில் பிரச்சினை வரவில்லையே என்று அதே அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பொய் அறிவிப்பு என்ற வழக்கு வரைக்கும் போகலாம்.

மொரீஷியஸ் ஆர்டருக்கே திரும்பி வந்தால், ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். துணி சாடெக் நாட்டில் நெய்தது என்றும், சரிபார்ப்பில் அது நிற்காவிட்டால் வரியையும் அபராதத்தையும் விற்பவர் ஏற்பார் என்றும் எழுதி வாங்குங்கள். இதில் கையெழுத்துப் போடத் தயங்குகிற தொழிற்சாலையின் விலையோடு 45 சதவீதத்தைக் கூட்டி, சீன விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதன்பிறகு யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.