கக்கா போகப் பழகும் சேருக்கு ஒரு குட்டிக் கதை: உங்கள் குழந்தைக்கு நீங்களே எழுதுவது எப்படி?

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் டயப்பரை விடத் தயாராகிவிடுவார்கள். அந்த நேரத்தில் சொல்ல ஒரு கதை வேண்டும் என்றால் ஒன்பது பக்கம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்ன வரி போதும். அதற்கு மேல் போனால் குழந்தை எழுந்து ஓடிவிடும்.

முதலில், இரண்டு மூன்று நாள் கவனியுங்கள்

கக்கா வரும் முன் உங்கள் குழந்தை என்ன செய்கிறது? சில குழந்தைகள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சில விளையாட்டை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கும், முகம் சிவக்கும். கதையில் வரும் குழந்தையும் அதையேதான் செய்ய வேண்டும். சேரில் உட்காருவது சுலபம். 'இப்போது வரப்போகிறது' என்று உடம்பு சொல்வதைப் புரிந்துகொள்வதுதான் குழந்தைக்குப் புதுசு. அதனால் கதை சேரிலிருந்து தொடங்கக் கூடாது, வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு எழுதுங்கள்

வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம். விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும் ஒரு குழந்தைக்காக எழுதியது இது:

1. மீனு கட்டை அடுக்குறா.
2. வயித்துல என்னமோ பண்ணுது. மீனு அசையாம நிக்கிறா.
3. "அம்மா, கக்கா வருது!"
4. மீனு ஜட்டியைக் கழட்டுறா. பச்சை சேர்ல உக்கார்றா. கால் ரெண்டும் தரையில.
5. மீனு காத்திருக்கா. வரலையே! சரி, எழுந்து விளையாடப் போறா.
6. மறுபடியும் வயித்துல என்னமோ பண்ணுது. மீனு ஓடி வந்து உக்கார்றா. தொப்! வந்துடுச்சு.
7. அம்மா துடைச்சு விடுறாங்க. மீனு ஜட்டியை மேல இழுத்துக்கிறா.
8. கக்காவைப் பெரிய டாய்லெட்ல கொட்டியாச்சு. "டாட்டா கக்கா!" சொர்ர்ர்!
9. மீனு சோப்பு போட்டுக் கை கழுவுறா. கட்டை அங்கேயே இருக்கு. மறுபடி அடுக்குறா.

இதில் ஐந்தாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கதையில் உட்கார்ந்தவுடன் வந்துவிட்டால், நிஜத்தில் உட்கார்ந்தும் வராத குழந்தை குழம்பிப்போகும், அடுத்த முறை உட்காரவே மறுக்கும். நிஜத்திலும் மூன்று, மிஞ்சினால் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள். கால் தரையில் இருப்பதும் சும்மா எழுதியதல்ல. கால் தொங்கிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு முக்க வராது. எட்டவில்லை என்றால் காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை வையுங்கள், படத்திலும் அதை வரையுங்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் கட்டை அங்கேயே இருப்பதற்கும் காரணம் உண்டு. பல குழந்தைகள் சேருக்கு வர மறுப்பது விளையாட்டைப் பாதியில் விட மனசில்லாமல்தான்.

எட்டாம் பக்கம் எல்லோருக்கும் ஒத்துவராது. தண்ணீர் பாயும் சத்தத்துக்கே சில குழந்தைகள் பயப்படும். சிலவற்றுக்கோ தன் உடம்பிலிருந்து வந்த ஒன்று மறைந்து போவதே பிடிக்காது. உங்கள் குழந்தை அப்படியென்றால் அந்தப் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கொட்டுகிற வேலையைக் குழந்தை அங்கிருந்து போன பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

'சீ, அசிங்கம்', 'பெரிய பிள்ளை இப்படிப் பண்ணுமா' போன்ற வரிகள் கதையில் வேண்டாம். அதைக் கேட்டுப் பழகிய குழந்தை மறுபடி கதவுக்குப் பின்னால்தான் போய் நிற்கும். மிட்டாய் பரிசும் வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம் மிட்டாய்க்காக மட்டும் சேரில் உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

புத்தகம் செய்து படியுங்கள்

தடித்த தாளில் பக்கத்துக்கு ஒரு படம். வரைய வராவிட்டால் உங்கள் வீட்டுச் சேரையே போனில் படமெடுத்து அச்சிட்டு ஒட்டுங்கள். சுச்சு, கக்கா எதுவானாலும் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லட்டும், கதையிலும் அதுவே இருக்கட்டும்.

முதல் சில நாள், குழந்தை உடையோடு சேரில் உட்கார்ந்து கதை கேட்டால் போதும். அவசரமாக வரும்போது புத்தகத்தை நீட்டாதீர்கள். பழக ஆரம்பித்ததும் நடுவில் ஒரு பக்கம் சேருங்கள்: "மீனு ஜட்டி நனைஞ்சிடுச்சு. அப்பா வேற ஜட்டி மாட்டி விட்டாங்க." அவ்வளவுதான், திட்டும் இல்லை, வருத்தமும் இல்லை.

மீனு மாதிரியே வந்து சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் குழந்தை அழுகிறதா? மலம் கெட்டியாக இருக்கிறதா, ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். அது மலச்சிக்கலாக இருக்கலாம், அதற்குக் கதை உதவாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் இளகி வலியில்லாமல் போக ஆரம்பித்த பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கலாம்.