எந்த பில்லுக்கு எவ்வளவு: பேமென்ட் அட்வைஸ் மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்ளையருக்குப் பணம் அனுப்பியதும் அந்தப் பணம் எந்தெந்த பில்லுக்கு உரியது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிடித்தம், எவ்வளவு நிலுவை என்று தெரிவிக்கும் மின்னஞ்சலைத்தான் நம் அலுவலகங்களில் பேமென்ட் அட்வைஸ் என்கிறோம். பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் இதை ஒற்றை வரியில் எழுதி முடிப்பவர்கள் அநேகர். அவ்வாறு எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு கணக்கின் வழியே பார்க்கலாம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் இரப்பர் பொருள்கள் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதன் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவர் கே.புதூரில் பட்டறை வைத்திருக்கும் தனி உரிமையாளர். அவருக்கு 2026 ஜனவரி 9 அன்று நெஃப்ட் மூலம் 1,61,100 ரூபாய் அனுப்பப்படுகிறது. இதற்குள் மூன்று பில்கள் அடங்கியுள்ளன. முதல் பில் 70,800 ரூபாய், அதில் டி.டி.எஸ். 600 போக 70,200 முழுமையாகச் செலுத்தப்படுகிறது. இரண்டாவது பில் 47,200 ரூபாய், அதில் டி.டி.எஸ். 400, திருப்பி அனுப்பிய பேரிங்குகளுக்கான டெபிட் நோட் 5,900 ஆகியவை போக 40,900 செலுத்தப்படுகிறது. மூன்றாவது பில் 1,18,000 ரூபாய்; அதற்கு டி.டி.எஸ். 1,000 பிடித்து, 50,000 மட்டும் இப்போது கொடுத்து, 67,000 நிலுவையில் வைக்கப்படுகிறது.

இவற்றைத் தவிர 35,400 ரூபாய்க்கு ஒரு பழைய பில்லும் உண்டு. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே மறுபடியும் எரிந்துபோன மோட்டாருக்கு வைண்டிங் கூலி கேட்டு வந்த பில் என்பதால் நிறுவனம் அதை ஏற்கவுமில்லை, கணக்கில் எடுக்கவுமில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலையில், "ஐயா, தங்கள் வங்கிக் கணக்கில் ரூ.1,61,100 செலுத்தப்பட்டுள்ளது, பெற்றமைக்கு உறுதி செய்யவும்" என்று மட்டும் மின்னஞ்சல் போகிறது. பட்டறையில் முழுநேரக் கணக்கர் கிடையாது; வாரத்தில் இரண்டு நாள் வந்து டேலியில் பதிந்துவிட்டுப் போகும் ஒருவர்தான் உண்டு. அவர் வங்கி அறிக்கையில் தொகையைப் பார்க்கிறார். எந்த பில்லோடும் அது பொருந்தவில்லை. கவனக்குறைவானவராக இருந்தால் `On Account` என்று போட்டுவிட்டு நகர்வார். அப்போது எல்லா பில்களும் தீராமலே நிற்கும். முறையாகச் செய்பவராக இருந்தால் பழைய பில்லிலிருந்து வரிசையாகத் தீர்ப்பார். தகராறில் இருக்கும் 35,400 முதலில் தீர்ந்துவிடும். பிடித்தம் எதுவும் தெரியாததால் அடுத்து 70,800, அதன்பின் 47,200 முழுவதுமாகத் தீரும். எஞ்சிய 7,700 மட்டும் மூன்றாவது பில்லில் வரவாகும்.

மார்ச் மாதக் கடைசியில் பட்டறையிலிருந்து 1,10,300 ரூபாய் நிலுவை என்று ஸ்டேட்மென்ட் வருகிறது. நிறுவனத்தின் கணக்கில் இருப்பதோ 67,000. வித்தியாசம் 43,300. இது தகராறு பில் 35,400, டெபிட் நோட் 5,900, டி.டி.எஸ். 2,000 ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்த தொகை. ஒரே எண்ணாகப் பார்க்கும்போது இதை யாராலும் பிரித்தறிய முடியாது. ஆண்டு முடிவு வேலைக்கு நடுவே இரண்டு பக்கமும் லெட்ஜரை அச்செடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி டிக் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நான் அப்படி உட்கார்ந்த நாள்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒற்றை வரி மின்னஞ்சலாகவே இருந்தது.

வித்தியாசத்தைவிடப் பெரிய சிக்கல் அந்தத் தகராறு பில். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 59-ஆம் பிரிவின்படி, ஒருவருக்குப் பல கடன்களைத் தர வேண்டியவர், பணம் செலுத்தும்போது இன்ன கடனுக்கு என்று குறிப்பிட்டுவிட்டால், பணத்தை ஏற்றுக்கொண்டவர் அந்தக் கடனுக்கே அதை வரவு வைக்க வேண்டும். அப்படிக் குறிப்பிடாமலும், சூழ்நிலையிலிருந்து வேறுவிதமாக விளங்காமலும் இருந்தால், தமக்கு வர வேண்டிய எந்தக் கடனுக்கும் வரவு வைத்துக்கொள்ளும் உரிமையை 60-ஆம் பிரிவு பணத்தைப் பெறுபவருக்குத் தருகிறது. இருவரும் எதுவும் செய்யாவிட்டால் கால வரிசைப்படி தீரும் என்கிறது 61-ஆம் பிரிவு. ஆகவே பில் எண் இல்லாத மின்னஞ்சலை அனுப்புபவர், ஏற்காத பில்லுக்கும் தம் பணத்தை எடுத்துக்கொள்ள வழி திறந்துவிடுகிறார். பட்டறைக்காரர் இதில் தவறாக எதுவும் செய்யவில்லை. குறிப்பிடுதல் பணம் செலுத்தும் வேளையிலேயே நடக்க வேண்டும் என்பதால், மின்னஞ்சலும் அன்றைக்கே போக வேண்டும்; அவர் வரவு வைத்துத் தெரிவித்த பிறகு அனுப்பும் விளக்கத்துக்கு அந்த வலு இருக்காது.

அடுத்த தவறு, பில் எண்ணைக் குறிப்பிட்டாலும் தவறான எண்ணைக் குறிப்பிடுவது. நம்முடைய வவுச்சர் எண்ணோ பர்ச்சேஸ் பதிவு எண்ணோ சப்ளையருக்கு எதையும் உணர்த்தாது. அவருடைய பில்லில் அச்சாகியுள்ள எண்ணை முன்னொட்டும் ஆண்டும் சேர்த்து அப்படியே எழுத வேண்டும். வெறும் 214 என்று எழுதினால் அது நடப்பு ஆண்டின் 214-ஆ, சென்ற ஆண்டின் 214-ஆ என்ற கேள்வி எழும், ஏனெனில் பலர் ஏப்ரல் மாதம் எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

பிடித்தங்களைச் சொல்வதில்தான் மிக நுட்பமான தவறுகள் நேர்கின்றன. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டி.டி.எஸ். வரி சேராத தொகைக்கு மட்டுமே கணக்கிடப்படும். நம் எடுத்துக்காட்டில் முதல் பில்லின் அடிப்படைத் தொகை 60,000, ஜி.எஸ்.டி. 10,800, ஒப்பந்த வேலைக்குத் தனிநபருக்கான விகிதம் 1 சதவீதம் என்பதால் பிடித்தம் 600. அடிப்படைத் தொகையையும் விகிதத்தையும் காட்டாமல் "டி.டி.எஸ். போக" என்று எழுதினால், சப்ளையர் 70,800-க்கு 1 சதவீதம் போட்டு 708 என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மூன்றாவது பில்லில் பாதிகூடச் செலுத்தவில்லை, ஆனால் டி.டி.எஸ். முழு அடிப்படைத் தொகையான 1,00,000-க்கும் பிடிக்கப்பட்டுள்ளது. கணக்கில் வரவு வைப்பது, பணம் தருவது ஆகியவற்றில் எது முந்தியதோ அப்போதே பிடிக்க வேண்டும் என்பது விதி. பில் டிசம்பரில் கணக்கில் ஏறியதால் பிடித்தமும் டிசம்பரில் முடிந்துவிட்டது. இதை விளக்காவிட்டால் 50,000-க்கு ஏன் 1,000 என்ற கேள்வி வரும். மீதி 67,000-ஐச் செலுத்தும்போது மறுபடியும் பிடித்தம் இருக்கும் என்றும் அவர் நினைத்துக்கொள்வார். அதோடு, ஜனவரியில் பணம் வந்ததால் அவருடைய கணக்கர் ஜனவரி–மார்ச் காலாண்டில் அந்தத் தொகையைத் தேடுவார். அதுவோ அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் தாக்கலாகியிருக்கும். பிடித்த மாதத்தை மின்னஞ்சலில் எழுதுவது இந்தத் தேடலைத் தவிர்க்கும்.

டெபிட் நோட்டைப் பொறுத்தவரை, நாம் போடும் டெபிட் நோட் நம் கோரிக்கை மட்டுமே; ஜி.எஸ்.டி.யில் வரியைக் குறைக்கும் ஆவணம் சப்ளையர் தரும் கிரெடிட் நோட். அது வந்துவிட்டதென்றால் அதன் எண்ணையும், வரவில்லையென்றால் எதிர்பார்க்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். முன்னறிவிப்பின்றிப் பணத்தில் கழித்துவிட்டு, மின்னஞ்சலிலும் சொல்லாமல் விடுவதை மரியாதைக் குறைவாகவே நான் கருதுகிறேன்.

இவ்வளவையும் சேர்த்து எழுதினால் மின்னஞ்சல் இப்படி அமையும்.

```
பொருள்: பேமென்ட் அட்வைஸ் – ரூ.1,61,100 – 09.01.2026

நெஃப்ட் யு.டி.ஆர்.: (வங்கி தந்த 16 இலக்கக் குறியீடு)

1) பில் KP/25-26/214
   தொகை 70,800; டி.டி.எஸ். 600 (60,000-க்கு 1%, நவம்பர்)
   செலுத்தியது 70,200; நிலுவை இல்லை

2) பில் KP/25-26/221
   தொகை 47,200; டி.டி.எஸ். 400 (40,000-க்கு 1%, நவம்பர்)
   டெபிட் நோட் DN-09: 5,900 (பேரிங் திருப்பம்;
   தங்கள் கிரெடிட் நோட் எதிர்பார்க்கிறோம்)
   செலுத்தியது 40,900; நிலுவை இல்லை

3) பில் KP/25-26/236
   தொகை 1,18,000; டி.டி.எஸ். 1,000 (1,00,000-க்கு 1%,
   முழு பில்லுக்கும் டிசம்பரில் பிடித்தாயிற்று)
   செலுத்தியது 50,000; நிலுவை 67,000

பில் KP/25-26/187-க்கு (ரூ.35,400) இதில் எதுவும்
செலுத்தப்படவில்லை; அது பரிசீலனையில் உள்ளது.
```

கடைசி வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். சண்டையை ஏன் மின்னஞ்சலில் இழுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வரி இல்லாவிட்டாலும் மேலே உள்ள மூன்று பில்களின் விவரமே போதுமான குறிப்புதான். ஆயினும் பகுதிநேரக் கணக்கருக்கு அந்த வரி தரும் தெளிவு பெரியது. "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல்லில் யாரையும் குற்றம் சாட்டும் தொனியும் இல்லை. அனுப்புவதற்கு முன் கூட்டலையும் சரிபார்க்க வேண்டும்: செலுத்தியது, டி.டி.எஸ்., டெபிட் நோட், நிலுவை ஆகிய நான்கும் சேர்ந்து மூன்று பில்களின் மொத்தமான 2,36,000-க்கு வர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கோ ஒரு வரி தவறு.

இந்த விவரத்தை எக்ஸெல் திரையைப் படமெடுத்து ஒட்டி அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படத்திலிருந்து எண்ணை எளிதில் பிரதி எடுக்க முடியாது. பின்னாளில் பில் எண்ணைத் தேடினாலும் அந்த மின்னஞ்சல் அகப்படாமல் போகலாம். எழுத்தாகவே அனுப்ப வேண்டும். நாள்தோறும் பேசும் விற்பனைப் பிரதிநிதிக்கு மட்டும் அனுப்பாமல், கணக்கு பார்ப்பவரின் முகவரிக்கும் அனுப்ப வேண்டும்.

யு.டி.ஆர். எண் கையில் கிடைக்கும் முன்பே மின்னஞ்சலை அனுப்பிவிடுவது இன்னொரு தவறு. வங்கியில் கோப்பைப் பதிவேற்றியதும் திரையில் தோன்றுவது பெரும்பாலும் அந்த வங்கியின் உள் குறியீடு. அதைக் கொண்டு சப்ளையரின் வங்கி பணத்தைத் தேட முடியாது. நெஃப்ட் யு.டி.ஆர். 16 இலக்கமும், ஆர்.டி.ஜி.எஸ். யு.டி.ஆர். 22 இலக்கமும் கொண்டவை என்பதால் எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கணக்கு எண் பொருந்தாமல் நெஃப்ட் பணம் திரும்பி வருவதும் உண்டு. அவ்வாறு திரும்பினால் பழைய மின்னஞ்சல் சப்ளையரிடம் அப்படியே கிடக்கக் கூடாது. அந்தப் பணம் திரும்பிவிட்டது, அந்த ஒதுக்கீடு செல்லாது என்று அதே தொடரில் அன்றே எழுதி, மறுபடி அனுப்பிய பின் புதிய யு.டி.ஆர். எண்ணுடன் முழு விவரத்தையும் மீண்டும் தர வேண்டும். இல்லையேல் ஒரே பில்லுக்கு இரண்டு அட்வைஸ்கள் இருப்பதைப் பார்த்து, இரண்டாவது தொகையை அடுத்த பில்லுக்கு வரவு வைத்துவிடுவார்கள்.