ஃபார்வர்டுக்கு மேலே ஒரு வரி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் எரிந்தது பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சை, வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தோம். ‘என்ன சார் விஷயம்?’ என்று போன்தான் வந்தது. ஃபார்வர்டில் யார் எழுதியது என்ற பெயரும் போய்விடுமே, பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்!

இப்போது முதலில் ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டு, அதன்பின் பேச்சை அனுப்புகிறேன்:

‘புது மோட்டார் முடிவு, வீட்டுக்கு ரூ.1,500, சனிக்குள் ஜிபே செய்யவும். விவரம் கீழே.’

இந்த வரியைக் கடைசி மெசேஜிலிருந்து மேல்நோக்கிப் படித்து எழுத வேண்டும். பேச்சின் தொடக்கத்தில் ‘ரீவைண்டிங் போதும், ரூ.600’ என்றுதான் இருந்தது; மெக்கானிக் பார்த்த பிறகே மாறியது. முடிவாகாத பேச்சென்றால் ‘இன்னும் முடிவாகவில்லை, உங்கள் கருத்து தேவை’ என்றே போடுகிறேன்.