கூட்டத் தெரிகிறது, கழிக்கத் தெரியவில்லை: சின்னத் தொழிலுக்கு விலை போடும்போது

போன வருடம் தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். பெங்களூரில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. ஊரில் நன்றாக ஓடுகிற பேக்கரி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். விற்கிறவர் தரப்பில் கொடுத்த ஒரு தாளை நீட்டினார். கடைசி வரியில் 61 லட்சம் என்று இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணா, நானே ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன்" என்றார்.

கூட்டல் சரிதான். 2011-ல் நானும் இப்படி ஒரு தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் காவேரிப்பட்டணத்தில் ஒரு மாவு மில்லை வாங்கினேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கடன் பாக்கி இருக்கிறதா, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது என்றெல்லாம் பார்க்கச் சொல்லி இங்கே எழுதப்போவதில்லை. அதை எல்லோரும் பார்க்கிறார்கள். தடுக்கி விழுகிற இடம் வேறு.

விலை எப்படிப் போடுகிறோம்

முறை எளிது. முழுநேரமாகக் கடையில் நிற்கும் ஒரு முதலாளிக்கு, வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அதை ஒரு மடங்கால் பெருக்க வேண்டும். முதலாளியே கல்லாவில் உட்காரும் சின்னத் தொழில்களில், என் கைக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மடங்கில் முடிந்திருக்கின்றன. மூன்றைத் தொட்டவை குறைவு.

லாப நஷ்டக் கணக்கில் இருக்கும் லாபம் அந்த 'மிஞ்சும்' தொகை அல்ல. முதலாளியின் சொந்தச் செலவு கடைச் செலவாக உள்ளே நுழைந்திருக்கும். அவருடைய கடனுக்கான வட்டியும் இருக்கும். அந்தக் கடனை அவரே அடைத்துவிட்டுப் போவார், உங்களுக்கு அது வராது. பணம் வெளியே போகாத தேய்மானமும் இருக்கும். இவற்றைத் திரும்பக் கூட்ட வேண்டும். இது வரை எல்லோருக்கும் தெரிகிறது. விற்கிறவருக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

வெளியே போகாத பணத்தைத் திரும்பக் கூட்டுவது

தம்பி கொண்டுவந்த தாளில் பேக்கரியின் லாபம் 9.6 லட்சம். விற்றுமுதல் 96 லட்சம். அதற்குமேல் கூட்டியிருந்தவை: தேய்மானம் 1.2, வட்டி 0.9, கார் செலவு 1.5, வீட்டுக் கரண்ட் பில்லும் செல்போனும் 0.4, ஓவன் ரிப்பேர் 0.8, முதலாளி சம்பளம் 6. மொத்தம் 20.4 லட்சம். மூன்று மடங்கு, 61.2 லட்சம்.

முதலாளி சம்பளம் 6 லட்சம் என்ற வரியில் நின்றேன். அது தனி உரிமையாளர் கடை. அப்படிப்பட்ட கடையில் முதலாளி எடுக்கும் பணம் செலவாகவே எழுதப்படாது, 'டிராயிங்ஸ்' என்று மூலதனக் கணக்கில்தான் கழியும். அதாவது அந்த 9.6 லட்சம், அவர் தனக்கென்று ஒரு ரூபாய் எடுப்பதற்கு முந்தைய லாபம். கழிக்காத ஆறு லட்சத்தை எதற்குத் திரும்பக் கூட்டுவது? பார்ட்னர்ஷிப்பாகவோ பிரைவேட் லிமிடெடாகவோ இருந்தால் கதை வேறு. அங்கே பங்குதாரர் ஊதியமும் டைரக்டர் சம்பளமும் செலவாகக் கழிந்திருக்கும், ஒரு முதலாளியின் சம்பளத்தைத் திரும்பக் கூட்டலாம். ஒருவருடையதை மட்டும். இரண்டு பேர் செய்யும் வேலையை நீங்கள் ஒருவரே செய்யப்போவதில்லை.

சோதிப்பது சுலபம். திரும்பக் கூட்டச் சொல்லும் ஒவ்வொரு தொகைக்கும் லாப நஷ்டக் கணக்கில் அதன் வரியைக் காட்டச் சொல்லுங்கள். வரி இல்லையென்றால் கூட்டல் இல்லை.

'இந்த வருஷம் மட்டும்தான் சார்'

ஓவன் ரிப்பேர். மூன்று வருட லெட்ஜரைப் பார்த்தோம்: 50 ஆயிரம், 70 ஆயிரம், 80 ஆயிரம். வருடா வருடம் வருவதற்கு ஒரு தடவைச் செலவு என்று பெயர் இல்லை.

கழிக்காமல் விடுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கிற தவறு. திருத்தம் என்றாலே கூட்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கில் எழுதப்படாமலே நடக்கிற செலவுகள் உண்டு. விற்கிறவருக்கு அது செலவே இல்லை. வாங்கிய மறுநாள் காலையிலிருந்து உங்களுக்குச் செலவு.

என் மில் கதை இதுதான். விற்ற பெரியவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வருடம் 4.2 லட்சம் லாபம் என்றார், பில் புத்தகமும் அப்படித்தான் சொன்னது. 12 லட்சம் கொடுத்தேன். மில் அவர் வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. வாடகை பேருக்கு ஏதோ எழுதி, 11 மாத ஒப்பந்தம் போட்டோம். சல்லடை போடுவதும் பாக்கெட் கட்டுவதும் அவர் மனைவியும் மருமகளும். நான் பேசப் போன நாளில் மருமகள் ஒரு கையால் பாக்கெட்டை ஒட்டிக்கொண்டே மறு கையால் எனக்கு மோர் நீட்டினார். கண்ணெதிரே நடந்தது. மோரைக் குடித்துவிட்டு வந்தேனே தவிர, நாளைக்கு இந்த வேலையை யார் செய்வார்கள் என்று யோசிக்கவில்லை.

பாக்கெட் கட்ட இரண்டு பேரைப் போட்டேன், ஆளுக்கு மாதம் 5,000. பதினொரு மாதம் முடிந்ததும் வாடகை 15,000 ஆனது. கேட்டது நியாயமான வாடகைதான், பக்கத்துக் கடைக்காரரும் அவ்வளவுதான் கொடுத்தார். வருடத்துக்கு வாடகை 1.8 லட்சம், கூலி 1.2 லட்சம். 4.2-ல் மீதி 1.2 லட்சம், மாதம் பத்தாயிரம். மில்லில் அரைக்கிற ஆளுக்கு நான் ஒன்பதாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆக, முதலாளியாக இருப்பதற்கு எனக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய். அதற்குத்தான் 12 லட்சம்.

இது ஏன் இவ்வளவு கடிக்கிறது என்றால், விட்டுப்போன செலவும் மடங்கால் பெருகிவிடும். மாதம் 25,000 வாடகையைக் கழிக்க மறந்தால் வருடத்துக்கு 3 லட்சம். மூன்று மடங்கு விலையில் அது 9 லட்சம். அந்த ஒன்பதைக் கொடுத்த பிறகும் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும்.

சரி, பேக்கரிக்கு வருவோம். தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் மூன்று தடவை போனேன். விடியற்காலை, மதியம், ராத்திரி. ஒவ்வொரு தடவையும் கடைக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, சம்பள நோட்டோடு ஒத்துப்பார்த்தோம். நோட்டில் இல்லாதவர்கள் இரண்டு பேர். சாயங்காலம் முதல் கடை மூடும் வரை கல்லாவில் முதலாளியின் மனைவி. சரக்கு வாங்குவதும் டீக்கடைகளுக்கு பன் போடுவதும் முதலாளியின் தம்பி. கட்டடம் அவர்களுடையது.

புதுக் கணக்கு இப்படி வந்தது. லாபம் 9.6. தேய்மானம், வட்டி இரண்டும் கூட்டலாம்: 2.1. கார் பாதி நேரம் பன் ஏற்றத்தான் ஓடுகிறது, அதனால் 0.7 மட்டும். வீட்டுக் கரண்ட், செல்போன் 0.4. ஆக 12.8 லட்சம். இதிலிருந்து அந்தத் தெருவில் நடப்பு வாடகை மாதம் 25,000, வருடத்துக்கு 3 லட்சம். கல்லாவுக்கு ஆள் மாதம் 12,000, வருடத்துக்கு 1.44. முதலாளியின் தம்பி பார்க்கும் வேலைக்கு மாதம் 18,000, வருடத்துக்கு 2.16. கழிவு மொத்தம் 6.6. மிச்சம் 6.2 லட்சம். இரண்டு மடங்கு என்றால் 12.4, இரண்டரை என்றால் 15.5.

61 எங்கே, 15 எங்கே. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

மடங்கு ஒரு கணக்குக்கு, லாபம் வேறு கணக்குக்கு

நான் சொன்ன இரண்டு, இரண்டரை மடங்கு, முதலாளியின் உழைப்பையும் சேர்த்து வைத்திருக்கும் லாபத்துக்கு. பெங்களூரில் இருந்துகொண்டே மேனேஜர் வைத்து நடத்துவேன் என்றால், அவர் சம்பளம் மாதம் 25,000-ஐயும் கழிக்க வேண்டும். 6.2 போய் 3.2 ஆகிவிடும். அந்தச் சின்ன எண்ணுக்கு மூன்று, நான்கு மடங்குகூடப் போடலாம், 10 முதல் 13 லட்சத்துக்குள் வரும். இரண்டு வழியிலும் விலை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றால் கணக்கு சரி. பெரிய லாபத்தையும் பெரிய மடங்கையும் சேர்த்துப் பிடிப்பதுதான் ஏமாற்று.

எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், அதற்கு இத்தனை மடங்கு என்று கம்பெனிகளைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். எபிட்டாவில் நிர்வாகம் செய்கிறவர் சம்பளம் ஏற்கெனவே கழிந்திருக்கும். பேக்கரி முதலாளியின் கைக்கு வரும் பணத்தில் கழிந்திருக்காது.

இரண்டா, இரண்டரையா என்பது கடைக்குள் இருப்பவர்களைப் பொறுத்தது. பேக்கரியில் மாஸ்டர் தங்குவாரா என்பதுதான் கேள்வி. முதலாளியே மாஸ்டராக இருந்தால் நான் இரண்டுக்கு மேல் போகமாட்டேன்.

ரிட்டர்னில் இருக்கும் லாபம்

உத்தேச லாபத் திட்டத்தில் ரிட்டர்ன் போடுகிறவர்கள் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் என்று காட்டிவிட்டுப் போகலாம். அதை லாபம் என்று எடுத்துப் பெருக்காதீர்கள். அது வரிக்கான எண். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், மைதா வாங்கிய பில், இதையெல்லாம் வைத்து நீங்களே ஒரு லாப நஷ்டக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கில் வராத வியாபாரம்

அதற்கு விலை கிடையாது.

கையிருப்புச் சரக்கு

கை மாறும் அன்று எண்ணி, வாங்கிய விலைக்குத் தனியாக. மடங்குக்குள் இல்லை.

பேரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தாளை முதலாளியிடம் காட்டியபோது முதலில் கோபம்தான். "என் பொண்டாட்டி உட்கார்றதுக்கு நீங்க சம்பளம் போடுவீங்களா?" என்றார். உள்ளே இருந்து அந்த அம்மா, "போடட்டும், இருபது வருஷமா நீங்க போடலியே" என்றார். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் இறங்கியது. வாடகை மாதம் 25,000 கட்டடக்காரராக அவருக்குத்தான் வரப்போகிறது, அதற்குத் தனியாகக் குட்வில் கேட்கக்கூடாது என்பதும் அவருக்குப் புரிந்தது.

இயந்திரங்களும் குட்வில்லும் சேர்த்து 14 லட்சம், சரக்கு தனி. அதில் 3 லட்சம், மாஸ்டர் ஆறு மாதம் நின்ற பிறகு. தம்பி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். என் மில் அனுபவத்தால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். 11 மாத ஒப்பந்தம் வேண்டாம், ஐந்து வருடக் குத்தகை, வருடத்துக்கு 5 சதவீத ஏற்றம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், செலவு ஆகும் என்று இருவருமே முனகினார்கள். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு நானே கூடப் போய் உட்கார்ந்திருந்தேன்.

கல்லாவில் இப்போதும் அதே அம்மாதான். மாதம் 12,000 சம்பளம்.